பன்னிரண்டு நாளில் வளர்ந்த கை

நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. இன்றைக்கும் அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அங்கேயும் விடை தெரிந்தால்கூட எழுந்து நிற்க மாட்டேன். கல்யாணமாகி வளையல் வியாபாரத்துக்கு வந்த பிறகு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. கூவுவது, விலை சொல்வது, சிரித்துப் பேசுவது எல்லாம் என் வீட்டுக்காரர். கையைப் பிடித்து அளவு பார்ப்பதும் வளையல் போடுவதும் நான். வாயைத் திறக்காமலே நாள் போய்விடும்.

நாங்கள் குடியிருந்தது காவலூருக்குப் பக்கத்தில், ஓட்டு வீட்டில் ஒரு அறை. திருப்பத்தூர் போய் மொத்தமாக எடுத்து வந்து, பெட்டியில் அடுக்கி, ஜவ்வாது மலை ஊர் ஊராக நடப்போம். எழுபதுகளின் கடைசி அது.

வளையலுக்கு அளவு சொல்வது உள் ஓட்டையை வைத்துத்தான். ரெண்டு நாலு என்றால் ரெண்டு அங்குலம், அதற்கு மேல் ஒரு அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்ததில் நாலு பங்கு. உள்வட்டத்துக்குக் குறுக்கே அளந்தால் ரெண்டேகால் அங்குலம் இருக்கும். அதற்கடுத்து ரெண்டு ஆறு. அதற்கடுத்து ரெண்டு எட்டு, அது ரெண்டரை அங்குலம். புதிதாக வருகிறவர்கள் மணிக்கட்டைப் பார்த்து வளையல் கேட்பார்கள். மணிக்கட்டு யாருக்கும் சின்னதுதான். வளையல் தாண்ட வேண்டியது விரல் முளைக்கிற முட்டி வரிசையை. கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, சுண்டு விரலின் அடிக்குக் கொண்டுபோய், கையைக் கூம்பாகக் குவிக்கச் சொல்ல வேண்டும். அப்படிக் குவித்த பிறகு எங்கே அகலம் அதிகமோ அங்கே குறுக்கே அளக்க வேண்டும். கையை விரித்து வைத்து அளந்தால் ரெண்டு அளவு கூடுதலாகக் காட்டும். வளையல் தொளதொளவென்று கிடக்கும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மரஸ்கேல் ஒன்று வைத்திருந்தேன். ஸ்கேலை நம்பி மட்டும் எடுக்க மாட்டேன். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பித்தளை வளையம், கயிற்றில் கோத்து இடுப்பில் தொங்கும். அதைக் கையில் ஏற்றிப் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. பித்தளை உடையாது, பொய்யும் சொல்லாது.

காவலூர் சாலையில் புளி மண்டி வைத்திருந்த ஒரு குடும்பம் எங்களுக்கு வாடிக்கை. அடிவாரத்திலிருந்து வந்து மலையில் வியாபாரம் செய்தவர்கள். அந்த வீட்டு மருமகளுக்குத் தலைப்பிள்ளை. ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்திருந்தார்கள். பங்காளி வீட்டில் ஒரு சாவு வந்து நின்றுபோனது. அதனால் ஒன்பதாம் மாதத்தில் நாள் குறித்தார்கள். பெண்ணின் தாய் வீடு கலசப்பாக்கம். வளையல் போட்ட கையோடு அங்கே அழைத்துப் போவதாக ஏற்பாடு.

பன்னிரண்டு நாளுக்கு முன்பே அளவெடுக்கக் கூப்பிட்டார்கள். பத்து டஜன் வேண்டும், பச்சையும் சிவப்பும், மருமகளுக்கும் வருகிற பெண்களுக்குமாக. மருமகள் கையைக் குவிக்கத் தெரியாமல் சிரித்தாள்.

"கூசுதுக்கா."

"கட்ட வெரல மடிச்சுக்கமா."

ஸ்கேல் வைத்தேன். ரெண்டேகாலுக்கு ஒரு நூலளவு குறைவு. ரெண்டு நாலு பித்தளை வளையம் வழுக்கிக்கொண்டு ஏறியது. மாமியார் பக்கத்திலேயே நின்றார். யாரையும் லேசில் நம்பாத அம்மா. வளையத்தை என் கையிலிருந்து வாங்கி, தானே மருமகள் கையில் ஏற்றினார், இறக்கினார், மறுபடியும் ஏற்றினார்.

"செரியாத்தான் கீது. இதுலயே எடு."

"மாசமா கீறாங்க. ஒரு அளவு கூட இருக்கட்டுங்க. ரெண்டு ஆறு எடுத்தாறேன்" என்றேன். பிள்ளைத்தாய்ச்சி கை கொஞ்சம் உப்பும் என்பது வளையல் போடுகிற எல்லோருக்கும் தெரியும்.

"எந்த அளவோ இருக்கட்டும். போடச்சொல்ல ஒண்ணுகூட ஒடயக் கூடாது. ஒடஞ்சா எனக்கு மனசு ஆவாது, சொல்லிட்டேன்."

தலையாட்டினேன்.

வளைகாப்பு அன்று காலையிலேயே போய்விட்டோம். என் வீட்டுக்காரர் வாசலில் ஆண்பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டார். உள்ளே பாய் விரித்து, கலந்த சாதம் ஏழு வகை வைத்து, மருமகளை மனையில் உட்கார வைத்திருந்தார்கள். சந்தனம் பூசிய முகம். பூசியதால்தான் பருத்துத் தெரிகிறது என்று முதலில் நினைத்தேன். கண்ணுக்குக் கீழே உப்பலாக இருந்தது.

முதலில் வேப்பங்குச்சி வளைத்த காப்பைப் போட்டார்கள். அது கட்டுவது, அதனால் தடையில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மனைக்கு எதிரில் உட்கார்ந்து வலது கையை வாங்கினேன். கை சூடாகவும் மெத்தென்றும் இருந்தது. ரெண்டு ஆறில் பச்சை வளையல் ஒன்றை எடுத்துக் கூம்பில் ஏற்றினேன். முட்டி வரிசையில் போய் நின்றது.

கையைத் திருப்பி, தோலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, இன்னொரு தரம் பார்த்தேன். அசையவில்லை. கண்ணாடி வளையல் உடையப் போகும்போது விரலில் ஒரு அதிர்வு வரும். அது வருவதற்கு முன் நிறுத்திவிட்டேன். நிறுத்தி வெளியே எடுத்தேன்.

"இன்னா?" என்றார் மாமியார்.

"ஏறலீங்க."

"ஏறலியா? நீதான அளவெடுத்த?"

"பிஞ்சுப் புளியாத் தின்னுருப்பா, கை ஊதிப்போச்சு" என்று ஒரு பெண் சொன்னாள். சிரித்தார்கள். மருமகளின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எண்ணெ தடவிப் போடும்மா, நல்ல நேரம் போய்டப் போவுது" என்றார்.

வாசலிலிருந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும். "கோச்சுக்காதீங்கம்மா. எங்க வூட்ல அளவுல தப்பு பண்ணிட்டா. பெரிய அளவு பொட்டில கீது, இதோ தர்றேன்" என்று ரெண்டு எட்டில் ஒரு டஜனை உள்ளே நீட்டினார். என்னைப் பார்த்து, வாயை மூடிக்கொள் என்று கண்ணால் சொன்னார். சொல்ல வேண்டியதே இல்லை. நான் எப்போது திறந்தேன்?

எண்ணெய் தடவி ரெண்டு எட்டைப் போட்டேன். முட்டியில் இறுகி, மெல்ல வழுக்கி, தாண்டியது. ரெண்டாவது. மூன்றாவது. மூன்றாவதைப் போடும்போது முன்னே போட்டதைத் தள்ளினேன். வளையல் இருந்த இடத்தில் தோலில் ஒரு வரி பதிந்திருந்தது. மணிக்கட்டில் தொளதொளவென்று இருக்க வேண்டிய வளையல் அது. என் கட்டை விரலால் புறங்கையை அழுத்தினேன். எடுத்தேன். குழி அப்படியே நின்றது.

அப்போது அவள் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "அக்கா, காலைலேர்ந்து தல வெடிக்குது. உங்க மூஞ்சி தெரியலக்கா. கண்ணு முன்னால பூச்சி பூச்சியா பறக்குது. அத்தகிட்ட சொன்னா நேரம் கெட்டுப்போவும்னு சொல்லல."

முந்தின வருஷம் உள் மலையில் ஒரு ஊரில் இப்படி ஒரு கை. ஒரு சந்தையில் ரெண்டு நாலு போட்டுவிட்ட கைக்கு, அடுத்த சந்தையில் ரெண்டு பத்து தேவைப்பட்டது. அவளும் தலைவலி என்றாள். நான் எண்ணெய் தடவிப் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் கையும் காலும் இழுத்து, பல் கிட்டி, பிள்ளை வயிற்றிலேயே இருக்க அவள் போய்விட்டாள். நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா, தெரியாது. சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும். அதை என் வீட்டுக்காரரிடம்கூடப் பேசியதில்லை.

நாலாவது வளையல் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"நான் தப்பா அளக்கலீங்க" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. கேட்காததே நல்லது என்று ஒரு கணம் தோன்றியது. இன்னொரு தரம் சொன்னேன். இந்தத் தடவை கேட்டுவிட்டது.

"இன்னா சொல்ற?" என்றார் மாமியார்.

"அளவு செரியாத்தான் எடுத்தேன். கைதான் வளந்து போச்சு. பன்னண்டு நாள்ல ரெண்டு அளவு ஏறியிருக்குது. மாசமா இருந்தா ஒரு அளவு ஏறும். இது அந்த மாதிரி இல்லீங்க. உடனே ஆஸ்பத்திரிக்கு இட்னு போங்க."

வாசலில் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "ஏய், சும்மா இரு."

"தப்ப மறைக்கப் பாக்குறா" என்றாள் ஒருத்தி. "வளையக்காரி எப்ப டாக்டரு ஆனா?" என்றாள் இன்னொருத்தி. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் ஆஸ்பத்திரி என்று சொன்னதே பெரிய குற்றம். மாமியார் முகம் கறுத்தது.

பேச்சில் ஜெயிக்க மாட்டேன் என்று தெரியும். இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்து, ரெண்டு நாலு பித்தளை வளையத்தை மட்டும் பிரித்து, மாமியார் கையில் வைத்தேன்.

"அன்னிக்கி நீங்களே ஏத்திப் பாத்தீங்க. ரெண்டு தரம் ஏத்தி எறக்குனீங்க. இப்பப் பாருங்கம்மா."

அவர் என்னை முறைத்தபடியே மருமகளின் இடது கையைப் பிடித்தார். வளையத்தை ஏற்றினார். விரல்களைத் தாண்டி முட்டிக்கு வருவதற்கு முன்பே அது நின்றது. அழுத்தினார். மருமகள் முனகினாள். திருப்பிப் போட்டுப் பார்த்தார், வேறு பக்கமாகப் போகுமோ என்பது போல. வட்டத்துக்கு ஏது வேறு பக்கம்? அதுவரை எனக்கு மட்டும் இருந்த பயம் அவருக்கும் வந்துவிட்டது.

"இது அந்த வளையந்தானா?"

"அதேதாங்க."

மாமியார் மருமகளின் காலைப் பார்த்தார். மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. "எப்பலேர்ந்துடி இப்டி கீது?" என்று மெதுவாகக் கேட்டார். "நாலு நாளா அத்த" என்றாள் அவள்.

மண்டிக்கு எதிரே திருப்பத்தூர் போக மூட்டை ஏற்றிய லாரி நின்றது. மாமனார் போய் டிரைவரை எழுப்பினார். பெண்ணின் அம்மா, "எங்க ஊருக்கு இட்னு போறேன், அங்க மருத்துவச்சி கீறா" என்று அழுதார். "சம்பந்தி, இப்பப் பேச வேணாம்" என்று மாமியார் சொன்னார். அவ்வளவுதான். முன்பக்கம் டிரைவரோடு மருமகளும் அவள் அம்மாவும் அவள் புருஷனும். மாமியார் பின்னால் மூட்டை மேல் ஏறினார். மேலிருந்து என்னைப் பார்த்து, "நீயும் ஏறு" என்றார்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் வரவே இல்லை.

மலை இறங்குகிற வளைவுகளில் புளி மூட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆலங்காயம் தாண்டும்போது அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"டாக்டரு ஒண்ணும் இல்லன்னு சொன்னான்னு வெச்சிக்கோ, இந்த மலையில ஒரு வூட்டுப் படி ஏற முடியாது நீ. நல்ல நாளக் கெடுத்துட்ட."

"செரிங்க."

நான் தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். தப்பாக இருந்தால் எங்கள் பிழைப்புப் போகும் என்ற நினைப்பு கூடவே வந்தது. அப்படியானால் நான் சொன்னது சரியாக இருக்கட்டும் என்றா வேண்டுவது? அவள் உயிரை வைத்தா? அந்த மூட்டை மேல் எந்தப் பக்கம் வேண்டினாலும் பயமாக இருந்தது. கடைசியில் எதையும் வேண்டாமல் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்ததும் எழுந்து ஓடினாள். டாக்டரம்மா வந்தார். வீக்கம் எத்தனை நாளாக என்று கேட்டார். ஒருத்தர் நாலு என்றார், ஒருத்தர் ஒரு மாசம் என்றார், பெண்ணின் அம்மா பிள்ளைத்தாய்ச்சிக்கு வீக்கம் சகஜம் என்றார். மாமியார் என்னை முன்னால் தள்ளினார். "இவளுக்குத்தான் தெரியும்."

"பன்னண்டு நாளைக்கி முன்னால ரெண்டு நாலு கை. இன்னிக்கி எண்ணெ போட்டு ரெண்டு எட்டு" என்றேன். நர்ஸ் விழித்தாள். டாக்டரம்மா தன் கையில் இருந்த ஒற்றை வளையலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அவர் பெண்பிள்ளை இல்லையா, அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. "உள்ள கொண்டு போங்க" என்றார்.

ஊசி ஏற்ற வேண்டும், வளையலைக் கழற்று என்றாள் நர்ஸ். எண்ணெயில் ஏறிய மூன்று வளையலும் சோப்புத் தண்ணீரிலும் இறங்கவில்லை. காலையில் இருந்ததைவிடக் கை பெருத்திருந்தது. "யார் போட்டது? நீயா? அப்ப நீயே எடு" என்று ஒரு இடுக்கியைக் கொடுத்தாள்.

வளையல் போட்ட நாளில், பிள்ளை வயிற்றில் இருக்க, அதைப் போட்டவளே உடைப்பதா? நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. செய் என்றும் சொல்லவில்லை.

ஈரத்துணியை வளையலுக்கும் தோலுக்கும் நடுவில் நுழைத்தேன். மேலேயும் சுற்றினேன், சில்லு தெறிக்காமல் இருக்க. இடுக்கியால் நெருக்கினேன். துணிக்குள் ஒரு சின்ன சத்தம். மூன்று முறை அந்தச் சத்தம். தோலில் ஒரு கீறல் விழவில்லை. அதை முடித்துத் துணியைச் சுருட்டும்போது அவள் கண் மேலே சொருகி, தாடை இறுகி, உடம்பு வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

வராந்தாவில் நானும் மாமியாரும் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிச் சில்லைச் சுருட்டிய துணி என் மடியில் இருந்தது. எங்கே போடுவது என்று தெரியவில்லை. அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உடைத்ததால்தான் இழுப்பு வந்தது என்று அவர் நினைத்திருப்பார். ஒரு பக்கம் எனக்கே அப்படித் தோன்றியது. படித்தவர்களுக்குச் சிரிப்பு வரலாம். அங்கே உட்கார்ந்திருந்தால் தெரியும்.

மறுநாள் விடிந்து வெயில் வந்த பிறகு டாக்டரம்மா வெளியே வந்தார். பெண் குழந்தை, எடை குறைவு, அழுதது. தாய் பிழைத்துக்கொண்டாள், ஆனால் இன்னும் ரெண்டு நாள் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். "ரெண்டு நாள் கழிச்சு இட்னு வந்திருந்தா ரெண்டு பேரையும் பாத்திருக்க மாட்டீங்க" என்று மாமியாரிடம் சொன்னார். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார், டாக்டரம்மாவை. என் பக்கம் திரும்பி, "பஸ்ஸு கீது, நீ வூட்டுக்குப் போ" என்றார்.

போனேன். என் வீட்டுக்காரர் அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்திருந்தார். "இன்னா ஆச்சு?" என்றார். சொன்னேன். கேட்டுவிட்டு விறகை உள்ளே தள்ளினார். "நான் தப்புன்னு சொல்லியிருக்கக் கூடாது" என்றார். நான் கஞ்சியை ஊற்றிக் குடித்தேன்.

அந்த வீட்டில் பிறகு எங்களை வளையலுக்குக் கூப்பிடவில்லை. குழந்தைக்குக் கறுப்பு வளையல் போடுகிற நாளுக்கும் ஆலங்காயத்திலிருந்து வேறு ஆளை அழைத்ததாகக் கேள்விப்பட்டேன். அதே வீட்டில் மறுபடி நான் உட்கார்ந்தால் அந்த அம்மாவுக்கு அந்த மூன்று சத்தமும் கேட்கும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உயிரைக் காப்பாற்றியது யார் என்பது வேறு, வளையல் உடைத்த கை யாருடையது என்பது வேறு. மனசு ரெண்டையும் ஒன்றாகத்தான் முடிந்து வைக்கும்.

ஒரு வருஷம் கழித்துக் காவலூர் பஸ் நிறுத்தத்தில் அந்த மருமகளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள். பிறகு வந்து நின்றாள்.

"அத்த வுட மாட்டேன்னுட்டாங்கக்கா. நான் எவ்ளோ சொல்லியும்."

"பரவால்லமா."

"பயப்படறாங்கக்கா. இன்னும்."

"நானுந்தான்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சும்மா சொல்லவில்லை. அதற்கப்புறம் எந்தப் பிள்ளைத்தாய்ச்சி கையைப் பிடித்தாலும், வளையம் முட்டியைத் தாண்டும் வரை எனக்கு மூச்சு வராது. தாண்டாவிட்டால் முதலில் வீக்கத்தை அழுத்திப் பார்ப்பேன், தலைவலி இருக்கிறதா என்று கேட்பேன். எத்தனை பேர் இருந்தாலும் வாய் விட்டுக் கேட்பேன். வளையக்காரம்மாவுக்கு வாய் வந்துவிட்டது என்று மலையில் கேலி பேசினார்கள். வரவில்லை. ஒவ்வொரு தரமும் நடுங்கிக்கொண்டேதான் கேட்டேன்.

பஸ் வந்தது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.